வியன்னா, கிள்ளான், ரொறன்ரோ

கேள்வி: ஆஸ்திரியாவின் தலைநகரை அந்த ஊர்க்காரர்கள் 'வீன்' என்கிறார்கள். நாம் ஏன் வியன்னா என்கிறோம்?

ஓர் ஊரில் வாழ்பவர்கள் தங்கள் மொழியில் வழங்கும் பெயர் அகப்பெயர். வெளியே உள்ளவர்கள் தங்கள் மொழியில் வழங்கும் வேறு வடிவம் புறப்பெயர். வியன்னா புறப்பெயர்தான். ஆனால் அது தமிழர் வைத்ததல்ல, ஆங்கிலத்தில் வழங்குவதை நாம் வாங்கிக்கொண்டது. மியூனிக், ஃபுளோரன்ஸ் எல்லாமே இப்படி வந்தவை. ஃபுளோரன்ஸ்காரர் தம் ஊரை 'ஃபிரென்ட்சே' என்பார்.

நமக்கே உரிய புறப்பெயர்களும் உண்டு. அவற்றைப் பார்க்க மலேசியாவுக்குப் போகவேண்டும். மலாய்க்காரர் 'குவாலா லும்பூர்' என்பதைத் தமிழர் கோலாலம்பூர் ஆக்கினார்கள். குவாலா என்றால் ஆறு கலக்கும் இடம், லும்பூர் என்றால் சேறு. கடைசியில் இருக்கும் 'ஊர்' நம் ஊர் அல்ல. ஓசை ஒத்துப்போனதால் அப்படித் தோன்றுகிறது. 'க்லாங்' என்ற நகரம் கிள்ளான் ஆனது இன்னும் அழகு. 'க்ல' என்று சொல் தொடங்குவது தமிழ் நாவுக்கு ஒவ்வாது. அதனால் நடுவில் இகரம் புகுந்து, லகரம் இரட்டித்த ளகரமாகி, முழுத் தமிழ்ச் சொல்லாகவே நிற்கிறது. இவை காதால் கேட்டு எழுந்த பெயர்கள்.

கேள்வி: கனடா நகரைத் தமிழ்நாட்டு இதழ்கள் 'டொராண்டோ' என்கின்றன. ஈழத்தவர் 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்கள். எது சரி?

இரண்டுக்கும் முறை இருக்கிறது. ஆங்கிலத்தின் 'ட' போன்ற ஒலி உண்மையில் நம் டகரம் அல்ல. டகரத்துக்கு நாக்கு மேலண்ணத்தை நோக்கி வளைகிறது. ஆங்கில ஒலிக்கு நாக்கு நுனி பல்லுக்குச் சற்று மேலே ஈறைத் தொடும். தமிழில் அந்த இடத்தில் பிறப்பது றகர வரிசை. 'காற்று' என்பதை யாழ்ப்பாணத்தார் சொல்லும்போது அந்த ஒலி தெளிவாகக் கேட்கும். அந்தக் காதுக்கு டகரம் பொருந்தவில்லை. ஆகவே இலங்கையில் டகரத்தை விட்டு, ரகரத்தால் தொலைக்காட்சியை 'ரி.வி.' என்று எழுதும் வழக்கம் வந்தது.

இதே வழக்கில் ரொறன்ரோவைப் பிரித்துப் பாருங்கள். முதல் 'ரொ'வும் கடைசி 'ரோ'வும் நாம் டகரத்தால் எழுதும் ஒலிகள். நடுவில் உள்ள 'ற'தான் ஆங்கிலத்தின் ரகர ஒலி. 'ஒன்ராறியோ'விலும் இதே ஏற்பாடு: 'ரா' ஒன்று, 'றி' மற்றொன்று. வழக்கம் தெரியாமல் மதுரைக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தால் ஊர் அடையாளமே தெரியாமல் போகும். உயிரெழுத்திலும் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் மாஸ்கோ, ஹாங்காங்; இலங்கையில் மொஸ்கோ, ஹொங்கொங்.

என் கருத்தைச் சொல்கிறேன். தமிழர் பெருந்தொகையாக வாழும் ஊர் என்றால் அவர்கள் எழுதும் வடிவத்துக்கே முதல் உரிமை. கிள்ளானை 'கிளாங்' என்று சென்னையிலிருந்து திருத்துவது தவறு. ரொறன்ரோவையும் பிழை என்று அடிக்கக்கூடாது. தமிழ்நாட்டு வாசகருக்காக டொராண்டோ என்று எழுதும் நூல், பொருளடைவில் இரண்டையும் தந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வடிவத்தைத் தேடுபவருக்கு மறு வடிவத்தில் எழுதப்பட்ட எதுவுமே அகப்படாது. தமிழ் விக்கிப்பீடியா 'வழிமாற்று' வைப்பது இதற்காகத்தான்.

கேள்வி: இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

உலகத் தமிழர் அனைவரையும் கட்டுப்படுத்தும் ஒரே அமைப்பு கிடையாது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் ரயில் நிலையப் பெயர்கள் தமிழிலும் அரசால் வகுக்கப்படுகின்றன. மற்ற இடங்களில் பாடநூலும் நாளிதழும் பழக்கியதே நிலைக்கிறது. நன்னூல் வழி நிற்பவர்கள் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்று உரோம், இலண்டன் என்று எழுதுவார்கள். கிரந்த எழுத்தை விலக்குபவர்கள் செருமனி என்பார்கள்.

நாடுகளுக்கிடையிலான பயன்பாட்டில் புறப்பெயர்களைக் குறைக்கவேண்டும் என்று 1972இல் லண்டனில் நடந்த ஐ.நா. இடப்பெயர் மாநாடு பரிந்துரைத்தது. ரோமன் எழுத்து மொழிகளுக்கு இது எளிது. ஊர்க்காரர் எழுதுவதை அப்படியே படியெடுத்தால் போதும். தமிழுக்கு அந்த வசதி இல்லை. யாருடைய உச்சரிப்பைக் கேட்டு எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் நாம் தீர்மானித்தாக வேண்டும்.

போலந்தில் Łódź என்று ஒரு பெரிய நகரம். எழுத்தைப் பார்த்தால் 'லோட்ஸ்' என்று எழுதத் தோன்றும். முதலெழுத்தின் குறுக்கே போகும் கோடு அதை வகரம் போல ஒலிக்கச் செய்கிறது. மேலே சாய்ந்த கோடுள்ள ஓ, ஊகாரம் ஆகிறது. கடைசி இரண்டெழுத்தும் சேர்ந்து சகர மெய். ஆக ஊர்க்காரர் சொல்வது 'வூச்'. தமிழில் நிலைத்த வடிவம் இல்லாத இத்தகைய ஊருக்கு, ஊர்க்காரர் ஒலியைக் கேட்டு 'வூச்' என்று எழுதி, முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் மூல எழுத்தையும் கொடுத்துவிடலாம். வியன்னாவை வீன் ஆக்க நான் சொல்லமாட்டேன். அது நிலைத்துவிட்ட பெயர்.