பதினைந்தில் பதினான்கு

கேள்வி: என் மகளுக்கு 6 மாதம். தட்டம்மை ஊசி 9 மாதம் முடிந்த பிறகுதான் என்கிறார் செவிலியர். அதுவரை ஊரில் மற்ற குழந்தைகள் போட்டிருந்தாலே போதும் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்ட வந்த குடும்பங்கள் கொட்டகையில் தங்கியிருக்கின்றன. பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, மூங்கில்துறைப்பட்டு

பதில்: உங்கள் பயம் நியாயமானது. செவிலியர் சொன்னதும் சரி. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. ஆனால் அந்தக் காப்பு 9 மாதத்துக்கு முன்பே தேய்ந்துவிடலாம். அந்த இடைவெளியில் உங்கள் மகளுக்கு அரண், சுற்றியிருப்பவர்களின் எதிர்ப்பாற்றல்தான். புற்றுநோய் சிகிச்சையால் எதிர்ப்பு குறைந்து, இந்த ஊசியே போட முடியாதவர்களுக்கும் அதுதான் அரண்.

எத்தனை பேருக்கு எதிர்ப்பு இருந்தால் போதும்? எல்லாரும் நோய்க்கு இடம்கொடுக்கும் ஊரில் தட்டம்மை கண்ட ஒருவர் ஏறக்குறைய 15 பேருக்குப் பரப்புவார். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கும். அந்த 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பு இருந்தால் ஒருவருக்குத்தான் ஒட்டும். நோய் பெருக வழியில்லை. 15-இல் 14 என்பது 93 சதவீதம். போலியோ சுமார் 6 பேருக்குப் பரவும் என்பதால் 6-இல் 5, அதாவது 83 சதவீதம் போதும். ரண ஜன்னியில் இந்தக் கணக்கே கிடையாது. அது மண்ணிலிருந்து காயத்துக்குள் வருவது, ஆளுக்கு ஆள் தொற்றாது. ஊரே ஊசி போட்டிருந்தாலும், போடாதவருக்குக் காப்பு இல்லை.

ஊசி போட்டவர் எண்ணிக்கையும் எதிர்ப்பு பெற்றவர் எண்ணிக்கையும் ஒன்றல்ல. 100 குழந்தைகளில் 95 பேருக்கு 9-ஆம் மாத ஊசி போட்டாயிற்று என்று வையுங்கள். அந்த வயதில் நூற்றுக்கு 85 பேருக்குத்தான் அது பிடிக்கும். ஆகவே காப்பு பெற்றவர்கள் சுமார் 81 பேர். 93-க்கு வெகு தொலைவு. போட்டும் பிடிக்காத 14 பேரில் பெரும்பாலோரை 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாம் ஊசி சேர்த்துக்கொள்ளும். அப்போதுதான் எண்ணிக்கை அந்த வரம்பை எட்டும். பல வீடுகளில் தவறிப்போவது இந்த இரண்டாவதுதான்.

மாவட்ட சராசரியையும் நம்பியிருக்க முடியாது. மாவட்டம் 95-ஐத் தொட்டாலும், ஊர் ஊராகப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே கொட்டகையில் சேரும்போது அங்கே பாதிப் பேர்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். நோய்க்கு அது போதும். இப்படி விட்டுப்போனவர்களையும் சேர்க்கத்தான் 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிச் சில பெற்றோர் மறுத்தது எனக்கு இன்றும் வருத்தம்.

கொட்டகைப் பிள்ளைகளைப் பற்றி உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் இன்றே சொல்லுங்கள். எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் அங்கேயே ஊசி போடலாம். யாருக்காவது காய்ச்சலோடு தடிப்பு கண்டால் உடனே தெரிவியுங்கள். 2022-இல் மும்பையில் தட்டம்மை பரவிய பகுதிகளில் 6 மாதம் முடிந்த குழந்தைகளுக்கே ஒரு கூடுதல் ஊசி போட்டார்கள். அப்படி உங்கள் மகளுக்குப் போட நேர்ந்தாலும் அது கணக்கில் சேராது. 9-ஆம் மாதத்திலும், பிறகு 16 மாதத்துக்கு மேலும் அவளுக்கு வழக்கமான இரண்டும் போட வேண்டும்.