பாதை மூடினால் ஒப்பந்தமும் போய்விடுமா?

கேள்வி: சரக்கு போகும் பாதைக்குத் திடீரெனத் தடை வந்தால், ஒப்பந்தம் தானாகவே ரத்தாகிவிடுமா?

பதில்: பாதை அடைபட்டது மட்டும் போதாது. 1956 அக்டோபரில் சூடான் நிலக்கடலை 300 டன்னை ஹாம்பர்க்கில் சேர்ப்பதாக ஒரு வணிக நிறுவனம் ஒப்புக்கொண்டது. கப்பல் கூலி விற்பவர் பொறுப்பு. நவம்பர், டிசம்பருக்குள் சரக்கை ஏற்ற வேண்டும். நவம்பர் 2-ல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. விற்றவர் சரக்கை ஏற்றவே இல்லை. வாங்கியவர் நஷ்டஈடு கேட்டார்.

ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் தூரம் இரண்டரை மடங்கு, கூலி ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனாலும் 1961-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை விற்றவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் சூயஸ் வழி என்று எழுதியிருக்கவில்லை. குறிப்பிட்ட நாளில் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்றும் இல்லை. கடலை வழியில் கெடக்கூடிய பொருளும் அல்ல. நஷ்டம் வேறு, நிறைவேற்ற முடியாமை வேறு. இது நியாயமான தீர்ப்பு என்பதே என் கருத்து. கூலி ஏறும் ஆபத்தை விலை பேசும்போதே விற்பவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் அல்லவா?

நம் நாட்டில் நிறைவேற்ற முடியாமல் போகும் ஒப்பந்தங்களுக்கு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இருக்கிறது. இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறிய வழக்கில், 2017-ல் உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் சென்றது. எனவே உங்கள் ஒப்பந்தத்தில் முதலில் இரண்டைத் தேடுங்கள்: பாதையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, தடை வந்தால் என்ன செய்வது என்ற விதி இருக்கிறதா? இருந்தால், வழக்கு அந்த வாசகத்தை வைத்தே நடக்கும்.