தலையணைக்கு லாவண்டர் தண்ணீர்

லாவண்டர் எண்ணெய் தண்ணீரில் கரையாது. சில வருடங்களாகத் தலையணை உறையில் தெளிக்க இந்தக் கலவையை வீட்டிலேயே செய்துவருகிறேன். யார் கேட்டாலும் எண்ணெய் கரையாது என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

என் அளவு சின்னது. 50 மில்லி தண்ணீருக்கு 5 சொட்டு. 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி என்று வைத்தால், இது அரை சதவீதம். முகம் புதைத்துப் படுக்கும் துணிக்கு இதுவே போதும். சொட்டைக் கூட்டினால் தூக்கம் கூடிவிடாது. தலைவலியும் துணியில் மஞ்சள் கறையும்தான் மிஞ்சும்.

குலுக்குவது ஏன் முக்கியம் என்பதை ஸ்ப்ரே பாட்டிலே காட்டும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கும். பாட்டிலின் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சுகிறது. குலுக்காமல் அடித்தால் பல நாள் வெறும் தண்ணீர்தான் வரும். வாசனை இல்லையே என்று மேலும் சொட்டு விடத் தோன்றும். தண்ணீர் தீரும்போது மேலே நின்ற எண்ணெயெல்லாம் கலப்பில்லாமல் உறையில் இறங்கும். அந்தத் துணியில் கன்னம் பட்டால் எரிச்சல் வரலாம். குலுக்கிய கலவையும் சீக்கிரமே பிரிந்துவிடும். அதனால் குலுக்கியதும் இரண்டு முறை அடிப்பேன். அடுத்த தலையணைக்கு மறுபடி குலுக்குவேன். கை நீட்டும் தூரத்திலிருந்து அடித்து, ஈரம் காய்ந்தபிறகே படுப்பேன்.

பாலிசார்பேட் 20 சேர்த்தால் எண்ணெய் தண்ணீரில் பரவி நிற்கும். அதை முதலில் எண்ணெயோடு கலந்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனால் அது கலவையைக் கெடாமல் காக்காது.

கெடுவதுதான் பலரும் கவனிக்காத விஷயம். லாவண்டருக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு என்பது சரி. ஆனால் இவ்வளவு நீர்த்தபின் அதை நம்பித் தண்ணீரை வைத்திருக்க முடியாது. வெட்டிவேரோ காய்ந்த பூவோ ஊறவைத்த தண்ணீர் இன்னும் சீக்கிரம் கெடும். கிருமிகளுக்கு வேண்டிய தீனியும் அதில் இறங்கியிருக்கும். கலங்கல், நூல்போல மிதப்பது, பாட்டில் உள்சுவரில் வழவழப்பு, புளித்த வாடை, இதில் எது தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டும். எதுவும் தெரியாமலும் கிருமி பெருகியிருக்கலாம். தெளிக்கும்போது அந்தச் சாரலை மூச்சோடு இழுக்கிறோமே! அதனால் காய்ச்சி வடித்த நீரில்தான் கலக்கிறேன், ஃபிரிட்ஜில் வைக்கிறேன், ஒரு வாரத்தில் மீதியைக் கொட்டிவிடுகிறேன். 50 மில்லிக்கு மேல் செய்யாததும் இதனால்தான். பாட்டிலை வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டே அடுத்தமுறை நிரப்புவேன். பழையதன்மேல் புதியதை ஊற்றவே கூடாது.

எண்ணெயும் கெடும், ஆனால் வேறு விதமாக. காற்றுப்படும்போது அதிலுள்ள லினலூல் மாறி, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாகிறது. பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், மூடி இறுக்கி, வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாசனை காரமாக மாறிய எண்ணெயைத் தலையணைக்குப் பயன்படுத்த வேண்டாம். கைக்குழந்தை படுக்கும் இடத்திலும், ஆஸ்துமா உள்ளவர் அறையிலும் நான் தெளிப்பதில்லை. பூனைகளின் கல்லீரலால் இவ்வகை எண்ணெய்களைச் சரியாக வெளியேற்ற முடியாது. பூனை படுக்கும் மெத்தைக்கும் இது ஆகாது.