கார்க் கீறலும் ஒடுக்கும்: படத்தைக் கொண்டு மதிப்பிடும் முறை

கடலுக்கு அண்மையில், ஈரக்காற்று மிகுந்த தெலுக் பங்லிமா காராங்கில் தகடு எளிதில் துருப்பிடிக்கும் என்பதால், பழுதின் அவசரத்தை ஒடுக்கின் அளவைவிடக் கீறலின் ஆழமே தீர்மானிக்கிறது.

1. படம் எடுத்தல்: காரைக் கழுவித் துடைத்தபின், முழுக் கதவும் தெரிய ஒன்று, அளவுக்கு 20 சென் நாணயத்தை அருகில் பிடித்து ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்வாக ஒன்று என மூன்று படங்கள் எடுக்க வேண்டும்.

2. அவசரம்: நகத்தில் தட்டாத மெல்லிய கீறல் நிறத்தின் மேலுள்ள ஒளிபுகும் பூச்சோடு நிற்பதால் மெருகிட்டாலே பெரும்பாலும் மறையும்; கீறலில் தெரியும் சாம்பல் நிறம் பொதுவாக அடிப்பூச்சான பிரைமரைக் காட்டுவதால் விரைவில் வண்ணம் தீட்ட வேண்டும்; பளபளக்கும் தகடோ பழுப்புத் துருவோ தெரிந்தால் உடனே பட்டறையை நாட வேண்டும். பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிக்காது என்பதால் அதன் கீறலுக்கு இந்த அவசரம் இல்லை.

3. உழைப்பு: பின்கதவில் வண்ணம் வெடிக்காத வழவழப்பான ஒடுக்கை உட்புறமிருந்து தள்ளி, வண்ணம் பூசாமலே நிமிர்த்த முடியும்; அதே ஒடுக்கு கதவின் மடிப்புக் கோட்டில் விழுந்து வண்ணமும் வெடித்திருந்தால், தட்டி நிமிர்த்தி, பட்டி எனும் நிரப்புப் பசையிட்டுத் தேய்த்து, வண்ணம் பூச நேர்வதால் சில நாள்கள் ஆகலாம்.

4. எல்லை: கதவின் இடைவெளி சீரற்றிருந்தால் உட்சட்டமும் வளைந்திருக்கலாம் என்பதால், படத்தை மட்டும் நம்பிக் கூலியை முடிவு செய்யலாகாது.