பூட்டிய திரையில் ஓடும் நிமிடங்களை நம்பலாமா?

கடந்த மாதம் புறக்கோட்டையிலிருந்து ஆறு பெட்டி பீங்கான் சாமான்களை விநியோகச் செயலி ஒன்றின் மூலம் முச்சக்கரவண்டியில் ஏற்றி, தெஹிவளையிலுள்ள எனது கடைக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். கடையில் வாடிக்கையாளர் ஒருவர் காத்திருந்தார். எனது ஐபோனின் பூட்டிய திரையில் "12 நிமிடம்" என்று காட்டியது. "ஹாஜியார், இருங்க, இந்தா வருது" என்றேன். 9, 6, 3 என்று குறைந்து பூச்சியமும் ஆனது. வண்டி வரவில்லை. சாரதிக்கு அழைத்தபோதுதான் தெரிந்தது, பம்பலப்பிட்டியில் டயர் காற்றுப் போய் அரை மணித்தியாலமாக நிற்கிறாராம்.

அப்படியானால் நிமிடம் குறைந்தது எப்படி? 2022 ஒக்டோபரில் ஐ.ஓ.எஸ். 16.1 உடன் வந்த இந்த வசதிக்கு லைவ் அக்டிவிட்டீஸ் என்று பெயர். விநியோக நிறுவனத்தின் கணினி, "இத்தனை மணிக்கு வந்து சேரும்" என்று ஒருமுறை அறிவித்தால் போதும். அதன்பின் நிமிடங்களை எண்ணிக் குறைப்பது நமது போனே. புதிய தகவல் வராவிட்டாலும் அந்த எண்ணிக்கை நிற்காது. ஆகவே, நிமிடம் ஓடுகிறது என்பது வண்டி ஓடுகிறது என்பதற்கு அத்தாட்சியல்ல. செயலியைத் திறந்து வரைபடத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடமாகியும் வண்டி அதே இடத்தில் நின்றால், சாரதியை அழைத்துக் கேட்ட பிறகே வாடிக்கையாளருக்கு நேரம் சொல்லுங்கள்.

கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையில் நிலைமை வேறு. அங்கே தானாக ஓடும் கடிகாரம் கிடையாது; தகவல் நின்றால் ஓட்டமும் அப்படியே நிற்கும். ஐபோனில் இந்தப் பட்டை ஆகக்கூடியது 8 மணித்தியாலங்களே புதுப்பிக்கப்படும். அதன்பின் கடைசித் தகவலுடன் மேலும் 4 மணித்தியாலம் வரை திரையில் கிடக்கலாம். மழையால் இழுபட்ட ஒருநாள் போட்டியில் பழைய ஓட்ட எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். ஓவர் எண்ணிக்கை மாறுகிறதா என்று கவனித்தால் விளங்கிவிடும்.

அண்ட்ரொய்ட் வைத்திருப்போருக்கு இதே வேலையைச் செய்வது, மேலே நிலைத்து நிற்கும் அறிவித்தல். முன்பு அதைத் தள்ளி அகற்ற முடியாது. 2023இல் வந்த அண்ட்ரொய்ட் 14 முதல், போன் திறந்திருக்கும்போது விரல் பட்டாலே அது போய்விடக்கூடும். எனது கடைத் தம்பியின் போனில் அது அடிக்கடி காணாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பற்றரியைச் சேமிக்கும் ஏற்பாடு, பின்னணியில் இயங்கிய செயலியை நிறுத்தியிருந்தது. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கினோம், பிரச்சினை தீர்ந்தது.

அன்று ஹாஜியார் முக்கால் மணித்தியாலம் காத்திருந்து சாமானை எடுத்துச் சென்றார். இப்போதெல்லாம் நான் நேரம் சொல்வது, வரைபடத்தில் வண்டி வெள்ளவத்தையைத் தாண்டிய பிறகுதான்.