ஆட்குறைப்புக் கடிதம்: காரணம், கெடு, கணக்கு

மைசூருக்கு அருகே, மண்டியா மாவட்டத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலை ஒன்று இயங்கி வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 6 அன்று, அங்குப் பணியாற்றிய ஏறத்தாழ 1,200 பேருக்குப் பணிநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆர்டர்கள் குறைந்துவிட்டன என்பது நிர்வாகம் கூறிய காரணம். அரசின் முன் அனுமதியின்றி இவ்வாறு செய்வது சட்டப்படி செல்லாது என்பது தொழிற்சங்கத்தின் வாதம். தொழிலாளர்கள் பல வாரங்கள் ஆலை வளாகத்தில் போராடினர். இடையில் பலர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துப் பணம் பெற்றுக்கொண்டனர். அது நிர்ப்பந்தத்தின் பேரில் நடந்தது என்று சங்கம் கூறியது. மீண்டும் வேலையளிப்பது குறித்து இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட 2021-ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இந்நிகழ்வில் மூன்று சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன: தற்காலிகப் பணிநிறுத்தம், ஆட்குறைப்பு, ராஜினாமா. மூன்றுக்கும் விளைவுகள் வேறு. 'லே ஆஃப்' என்று வழங்கும் தற்காலிகப் பணிநிறுத்தத்தில் தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டில் நீடிக்கும். தகுதியுள்ளவருக்குப் பாதி ஊதியம் கிடைக்கும். ஆட்குறைப்பில் வேலை முடிந்துவிடுகிறது. முன்னறிவிப்பும் இழப்பீடும் உரிமையாகின்றன. ராஜினாமாவில் ஆட்குறைப்பு இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே, ஒரு கடிதம் எதைச் சொல்ல வருகிறது என்பதை அதன் முதல் வாக்கியமே பெயர் சொல்லி உரைத்தாக வேண்டும்.

சிறுதொழில் நடத்துவோரும் மாதச் சம்பளம் பெறுவோருமாகிய நம் வாடிக்கையாளர் இரு சாராருக்கும் பயன்படும் வகையில், அத்தகைய கடிதம் எப்படி அமைய வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

சட்டம் கேட்பது என்ன?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்திற்கு மாற்றாக வந்துள்ளது. ஆயினும் ஆட்குறைப்பின் அடிப்படை நிபந்தனைகள் மாறவில்லை. ஓராண்டுத் தொடர்ச்சியான பணியை நிறைவு செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்வதற்கு, காரணம் குறிப்பிட்ட ஒரு மாத எழுத்துமூல முன்னறிவிப்பு தர வேண்டும். அல்லது அக்காலத்திற்குரிய ஊதியத்தைத் தர வேண்டும். நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட மிச்சக் காலமும் ஓர் ஆண்டாகவே கொள்ளப்படும். உரிய அரசுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கு மூன்று மாத முன்னறிவிப்பும் அரசின் முன் அனுமதியும் தேவை. பழைய சட்டத்தில் இவ்வரம்பு 100 ஆக இருந்தது.

இழப்பீட்டை 'பிறகு தருகிறோம்' என்று ஒத்திவைக்க முடியாது. ஆட்குறைப்பு செல்லுபடியாவதற்கே அது முன்நிபந்தனை என்று உச்ச நீதிமன்றம் 1960-இல், மும்பை மருத்துவமனைத் தொழிலாளர் சங்க வழக்கில் பழைய சட்டத்தின்கீழ் தீர்ப்பளித்தது. பணம் தராமல் கடிதம் மட்டும் கொடுத்த முதலாளி, பின்னாளில் அந்தத் தொழிலாளி இன்னமும் பணியில் இருப்பதாகக் கொண்டு நிலுவை ஊதியம் செலுத்தும் நிலைக்கு ஆளாகக்கூடும்.

ஒரு கணக்கு

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 40 பேர் பணிபுரியும் ஒரு தையற்கூடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே ஒரு தையற்பிரிவே மூடப்படுகிறது. அதில் பணிபுரியும் ஒரு பெண்மணி 2017 அக்டோபர் 10 அன்று சேர்ந்தவர். மாத ஊதியம் ரூ.15,600, கடந்த மூன்று மாதங்களிலும் அதுவே. 2026 மே 29 அன்று அவர் கையில் கடிதம் தரப்படுகிறது. கடைசிப் பணிநாள் ஜூன் 30.

அவருடைய பணிக்காலம் 8 ஆண்டு, 8 மாதம், 21 நாள். மிச்சக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டுவதால் கணக்கில் 9 ஆண்டு. இங்கேதான் பலரும் தடுமாறும் இடம் வருகிறது. இழப்பீட்டுக்கும் பணிக்கொடைக்கும் '15 நாள் ஊதியம்' என்ற ஒரே சொற்றொடர்தான். எனினும் கணக்கிடும் முறை வேறு. பணிக்கொடைக்கு மாத ஊதியத்தை 26-ஆல் வகுக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. ஒரு நாள் ஊதியம் ரூ.600, 15 நாளுக்கு ரூ.9,000, 9 ஆண்டுக்கு ரூ.81,000. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு அந்த 26 பொருந்தாது, 15 நாள் என்பது மாதத்தில் பாதி என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் குரு ஜம்பேஷ்வர் பல்கலைக்கழக வழக்கில் தெளிவுபடுத்தியது. அதன்படி ரூ.7,800, 9 ஆண்டுக்கு ரூ.70,200.

எடுக்காத விடுப்பு 12 நாள் என்றால், நாளுக்கு ரூ.600 வீதம் ரூ.7,200. ஜூன் மாத ஊதியம் ரூ.15,600. ஆக மொத்தம் ரூ.1,74,000.

இத்தொகைகள் அனைத்தும் ஒரே நாளில் வர வேண்டியவை அல்ல. இழப்பீடு பணி முடியும்போதே தரப்பட வேண்டும். நிலுவை ஊதியம் இரண்டு வேலைநாட்களுக்குள். பணிக்கொடை 30 நாட்களுக்குள். எனவே தொகைக்குப் பக்கத்தில் தேதியும் இருந்தால்தான் கடிதம் முழுமையடையும்.

கடிதத்தின் வடிவம்

> 29 மே 2026
>
> மதிப்பிற்குரிய திருமதி ……… அவர்களுக்கு,
> தையற்பிரிவு, பணியாளர் எண் ………
>
> பொருள்: ஆட்குறைப்பு முன்னறிவிப்பு
>
> தங்கள் பணி 30 ஜூன் 2026 அன்று ஆட்குறைப்பின் காரணமாக நிறைவடைகிறது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.
>
> எங்கள் முதன்மை வாடிக்கையாளரின் ஆர்டர் மார்ச் மாதத்துடன் நின்றுவிட்டது. அதனால் இரண்டாம் தையற்பிரிவை மூடுகிறோம். இம்முடிவுக்கும் தங்கள் பணித்திறனுக்கோ நடத்தைக்கோ எத்தொடர்பும் இல்லை. தங்கள் பிரிவினரின் பணிமூப்புப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது.
>
> ஜூன் 30 வரை தாங்கள் வழக்கம்போல் பணிபுரியலாம். முழு ஊதியம் உண்டு.
>
> தங்களுக்குச் சேர வேண்டியவை:
> ஆட்குறைப்பு இழப்பீடு (ரூ.7,800 × 9): ரூ.70,200 – ஜூன் 30
> ஜூன் மாத ஊதியம்: ரூ.15,600 – ஜூலை 2-க்குள்
> விடுப்பு ஊதியம் (12 நாள்): ரூ.7,200 – ஜூலை 2-க்குள்
> பணிக்கொடை (ரூ.9,000 × 9): ரூ.81,000 – ஜூலை 30-க்குள்
> மொத்தம்: ரூ.1,74,000
>
> வருங்கால வைப்பு நிதிக்கான தங்கள் பங்கு ஜூன் ஊதியத்தில் பிடிக்கப்படும். தொகைகள் ……… என முடியும் தங்கள் வங்கிக் கணக்கில் தனித்தனியே வரவு வைக்கப்படும். பணிச் சான்றிதழ் ஜூன் 30 அன்று வழங்கப்படும்.
>
> ஓராண்டுக்குள் இப்பணிக்கு ஆள் எடுக்க நேர்ந்தால் தங்களுக்கு முன்னுரிமை தருவோம். கணக்கில் ஐயம் இருப்பின் ……… அவர்களை ……… எண்ணில் அழைக்கலாம்.
>
> தாங்கள் ஆற்றிய பணிக்கு எங்கள் நன்றி.
>
> (உரிமையாளர் கையொப்பம்)
>
> கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன். (இக்கையொப்பம் பெற்றதற்கு மட்டுமே; ஒப்புதலுக்கு அன்று.)

கவனிக்க வேண்டியவை

முன்னறிவிப்பு மாதம், கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். மே 29 எனத் தேதியிட்டு ஜூன் 10 அன்று கொடுத்துவிட்டு, ஜூன் 30 அன்று பணியை முடித்தால் முன்னறிவிப்பு குறைபடும். பெற்ற தேதியைத் தொழிலாளி தம் கைப்படவே எழுதுவது இரு தரப்புக்கும் காப்பு.

காரணம் உண்மையாகவும் குறிப்பாகவும் இருக்கட்டும். 'நிர்வாகக் காரணங்களால் தங்கள் சேவை தேவையில்லை' என்ற வாக்கியம் பெறுபவரை இழிவாக உணரச் செய்கிறது. காரணம் கூற வேண்டும் என்ற நிபந்தனையையும் நிறைவு செய்வதில்லை. இத்தகைய கடிதத்தில் வருகைக் குறைவையோ பழைய தவறுகளையோ சேர்ப்பது பெரும் பிழை. அப்படிச் சேர்த்தால், ஆட்குறைப்பு என்ற போர்வையில் தண்டனை வழங்கப்பட்டது என்ற வாதத்துக்கு வழி பிறக்கும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் விதி உண்டு. ஒரே வகைப் பணியில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் செல்வதே பொது முறை. அதை மாற்றினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மூத்தவருக்குக் கடிதமும் இளையவருக்கு வேலையும் கிடைத்திருந்தால், அக்கடிதத்தைக் கேள்வி கேட்பதற்கு இடமுண்டு.

மொழியும் மரியாதையின் ஒரு பகுதியே. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கன்னடம் வாசிப்பவருக்குக் கன்னடத்திலும், தமிழ் வாசிப்பவருக்குத் தமிழிலும் ஒரு படி தர வேண்டும். வாசற்கதவில் ஒட்டிய அறிவிப்பின் மூலமோ, பலர் முன்னிலையில் பெயர் கூப்பிட்டோ ஒருவர் தம் வேலை போன செய்தியை அறிய நேரக்கூடாது.

இன்னொரு புதிய ஏற்பாட்டையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்காகவும் கடைசி ஊதியத்தில் 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும். அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் வரவாகும். இது இழப்பீட்டுக்கு மேலானது. இழப்பீட்டில் கழிக்கத்தக்கது அன்று.

வங்கிக் கணக்கில் ஏன் தனித்தனியே?

'இறுதிக் கணக்கு ரூ.1,74,000' என்று ஒரே வரவாகப் பணம் வந்தால், அதில் எது எவ்வளவு என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது. வருமான வரியில் ஒவ்வொன்றுக்கும் விலக்கு வேறு. ஆட்குறைப்பு இழப்பீட்டில், சட்டப்படி கணக்கிட்ட தொகை அல்லது ரூ.5 லட்சம், இவற்றில் குறைந்ததற்கு வரி இல்லை. பணிக்கொடைக்கு வேறு வரம்பு. ஜூன் மாத ஊதியமோ வழக்கமான வருமானம். தலைப்புவாரியாகப் பிரித்த கடிதம் கையில் இருந்தால் வரிக்கணக்கு எளிது; விடுபட்ட தொகையைக் கேட்பதும் எளிது.

கடனுக்கும் இதே கணக்கு உதவுகிறது. மேற்கண்ட பெண்மணிக்கு மாதம் ரூ.4,000 தவணை இருப்பதாகக் கொள்வோம். ஜூலை மாதத் தவணை தடையின்றிச் செல்லும். புதிய வேலை கிடைக்கும்வரை எத்தனை தவணைக்குத் தொகையை ஒதுக்கலாம் என்பதை மே 29 அன்றே அவரால் கணக்கிட முடியும். போதாது என்று தோன்றினால், தவணை தவறுவதற்கு முன்பே கடிதத்துடன் கிளைக்கு வரலாம். தவணை தவறிய பின் வருபவரைவிட, தவறுமுன் வருபவருக்குத் தவணைக் காலத்தை மாற்றியமைப்பது பற்றிப் பேசுவதற்கு இடம் அதிகம். அதற்கு ஒரு மாத அவகாசத்தைத் தருவது அந்தக் கடிதத்தில் உள்ள தேதிகளே.

இறுதியாக ஒன்று. 'எனக்கு இனி எவ்வித உரிமையும் இல்லை' என்ற தாளில், பணம் வரவாவதற்கு முன் கையொப்பமிட வேண்டாம்; முதலாளிகள் அதைக் கேட்கவும் வேண்டாம். ராஜினாமாக் கடிதம் எழுதித் தருமாறு கேட்கப்பட்டால், முதலில் மேலே கண்ட நான்கு வரிகளையும் தம் கணக்குக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நன்று.