வரைபடம் ஏன் திரையைத் தாண்டுகிறது?

தேக்கா நிலையத்திலிருந்து ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில்வரை சிராங்கூன் சாலையைக் காட்டும் கூகல் வரைபடத்தை உங்கள் இணையப் பக்கத்தில் பொருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் முழுதாகத் தெரிகிறது. 360 பிக்சல் அகலமுள்ள கைபேசியிலோ, வலப்பக்கம் உள்ள கோயில் திரைக்கு வெளியே போய்விடுகிறது. கீழே உருள்பட்டை முளைக்கிறது.

கூகல் தரும் குறியீட்டில் `iframe` என்ற சட்டத்தின் வழக்கமான அளவு 600 × 450 பிக்சல். 600 − 360 = 240 பிக்சல் மிஞ்சுகிறது.

அகலம், உயரம் இரண்டையும் 100% என்று மாற்றினால்? அகலம் சரியாகும். உயரமோ 150 பிக்சலாகச் சுருங்கும். 100% என்றால் எதில்? சட்டத்தைச் சூழ்ந்த பெட்டியின் உயரத்தில். அந்தப் பெட்டிக்கு நாம் உயரம் குறிக்கவில்லை. ஆகவே உலாவி, சட்டத்தின் இயல்பு உயரமான 150-ஐ எடுத்துக்கொள்கிறது.

அதனால் உயரத்துக்குப் பதில் விகிதத்தைத் தருவோம். 600 : 450 என்பது 4 : 3.

```css
iframe {
  width: 100%;
  height: auto;
  aspect-ratio: 4 / 3;
}
```

இப்போது அகலம் 360 என்றால் உயரம் 360 × 3 ÷ 4 = 270. கணினியில் உலாவிச் சன்னலை மெல்லக் குறுக்கிப் பாருங்கள். சட்டமும் அதே வடிவத்தில் சுருங்கினால் கணக்கு சரி.